கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கில் மாதாமாதம் ஒரு தொகை நிற்கிறது: யாருக்கு வரவேண்டிய பணம் இது?

சிட்கோ கணக்கு | 12 நவம்பர் 2024, இரவு 9:40

திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு சின்ன மெஷினிங் யூனிட். 30 பேர். எனக்கு முன்னால் இருந்தவர் டேலியில் கூலிக்கென்று ஒரு கட்டுப்பாட்டுக் கணக்கு திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது எந்த மாதமும் முடியவில்லை. அக்டோபருக்கு மட்டும் 71,500 கிரெடிட்டில் நிற்கிறது. ஏப்ரலிலிருந்து சேர்த்தால் அஞ்சு லட்சத்தைத் தொடுகிறது. முதலாளி ட்ரையல் பேலன்ஸைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கூலி யாருக்குப் பாக்கி வெச்சிருக்கோம்?" என்கிறார். யாருக்கும் பாக்கி இல்லை, எல்லாருக்கும் 7-ஆம் தேதியே பேங்கில் ஏறிவிட்டது.

அக்டோபர் கணக்கு, ரவுண்டு பண்ணித் தருகிறேன். மொத்தக் கூலி 6,00,000 (நேரடி 4,60,000, மறைமுகம் 1,40,000). பிடித்தம்: பிஎஃப் 50,400, இஎஸ்ஐ 3,900, அட்வான்ஸ் 22,000, கேன்டீன் 9,000. கைக்குப் போனது 5,14,700. கம்பெனி பங்கு பிஎஃப் 54,600 (நிர்வாகக் கட்டணம், இன்ஷூரன்ஸ் உட்பட), இஎஸ்ஐ 16,900.

அவர் போட்ட என்ட்ரி இது:

நேரடிக் கூலி 4,60,000 டெபிட், மறைமுகக் கூலி 1,40,000 டெபிட், கட்டுப்பாட்டுக் கணக்கு 6,00,000 கிரெடிட்.
கம்பெனி பங்குச் செலவு 71,500 டெபிட், கட்டுப்பாட்டுக் கணக்கு 71,500 கிரெடிட்.
கட்டுப்பாட்டுக் கணக்கு 85,300 டெபிட், பிடித்தக் கணக்குகள் நாலும் கிரெடிட்.
கட்டுப்பாட்டுக் கணக்கு 5,14,700 டெபிட், பேங்க் கிரெடிட்.

சலான் கட்டும்போது பிஎஃப் செலுத்த வேண்டியது 1,05,000 டெபிட், இஎஸ்ஐ செலுத்த வேண்டியது 20,800 டெபிட், பேங்க் கிரெடிட். எங்கே தப்பு?

கோவை வார்ப்படம் | 12 நவம்பர், 10:15

கம்பெனி பங்கை எதுக்கு அந்தக் கணக்குக்குள்ள விடறீங்க? அது கூலியே இல்லீங்க, நம்ம செலவு. நேரா செலவை டெபிட் பண்ணி பிஎஃப் செலுத்த வேண்டியதை கிரெடிட் பண்ணிருங்க. எங்க பவுண்டரில அப்படித்தான், ஒரு நாளும் நின்னதில்ல. கம்பெனி பங்கைக் கட்டுப்பாட்டுக் கணக்குல போட்டாலே தப்புதான்.

ஷாப் ஃப்ளோர் | 12 நவம்பர், 10:52

சார் நான் கணக்கு ஆள் இல்ல, மெஷின்ல நிக்கிறவன். எனக்கும் இதே பிரச்சினைதான். என் சம்பளத்துல எம்ப்ளாயர் பிஎஃப்னு ஒண்ணு காட்டி கழிக்கிறாங்க. அதுவும் இந்த 71,500 மாதிரி எங்கயாவது நிக்குதா? எங்களுக்குத் திரும்ப வருமா?

பழம்பேரேடு | 13 நவம்பர், காலை 6:20

வரிசையாகச் சொல்கிறேன்.

ட்ரையல் பேலன்ஸில் கட்டுப்பாட்டுக் கணக்கோடு நிறுத்தாமல் கீழே போய்ப் பாருங்கள். பிஎஃப் செலுத்த வேண்டியது 54,600 டெபிட்டிலும், இஎஸ்ஐ செலுத்த வேண்டியது 16,900 டெபிட்டிலும் நிற்கும். கூட்டினால் உங்கள் 71,500. கடன் கணக்கு டெபிட்டில் நின்றால், அரசாங்கம் நமக்குப் பணம் தர வேண்டும் என்று அர்த்தம். அது எப்போது தந்தது?

அவர் கம்பெனி பங்கைக் கட்டுப்பாட்டுக் கணக்குக்குள் கொண்டுவந்தார், வெளியே எடுத்துவிட மறந்தார். ஒரு கால் என்ட்ரி விட்டுப்போயிருக்கிறது: கட்டுப்பாட்டுக் கணக்கு 71,500 டெபிட், பிஎஃப் செலுத்த வேண்டியது 54,600 கிரெடிட், இஎஸ்ஐ செலுத்த வேண்டியது 16,900 கிரெடிட். மூன்று கணக்கும் ஒரே சமயத்தில் முடிந்துவிடும். லாபம் ஒரு பைசா மாறாது, ஏனென்றால் செலவு ஏற்கெனவே சரியாக ஏறிவிட்டது. கெட்டுப்போனது ஐந்தொகை மட்டும்: இல்லாத கடன் ஒரு பக்கம், இல்லாத சொத்து மறு பக்கம்.

கோவைக்காரர் வழியும் சரிதான். ஆனால் "போட்டாலே தப்பு" என்பது சரியில்லை. உள்ளே விட்டால், தொழிலாளிக்காக அந்த மாதம் கம்பெனிக்கு ஆன முழுச் செலவு 6,71,500 ஒரே கணக்கின் கிரெடிட் பக்கத்தில் தெரியும். அது வேண்டுமென்றால் உள்ளே விடுங்கள். விட்டால் அதே வவுச்சரில் வெளியே எடுங்கள்.

ஷாப் ஃப்ளோர் தம்பி, உங்கள் கேள்வி வேறு. கம்பெனி பங்கை உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது, பிஎஃப் சட்டமே தடுக்கிறது. ஆனால் ஆஃபர் லெட்டரில் மொத்தச் செலவு என்று ஒரு தொகை போட்டு, அதற்குள் கம்பெனி பங்கையும் சேர்த்துக் காட்டுவது வேறு விஷயம். சம்பளச் சீட்டில் மொத்தக் கூலிக்குக் கீழே பிடித்தம் என்ற தலைப்பில் வருகிறதா, மேலே தனியாக வருகிறதா என்று பாருங்கள். பிஎஃப் பாஸ்புக்கில் உங்கள் பங்கு, கம்பெனி பங்கு இரண்டும் தனித்தனியாக ஏறியிருக்கும். அதோடு ஒத்துப்பாருங்கள்.

இன்டர் படிக்கிறேன் | 13 நவம்பர், 8:05

ஒரு சந்தேகம். காஸ்டிங் புக்ல கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்குல மொத்தக் கூலி டெபிட்ல வருது. நடப்புப் பணி, உற்பத்தி மேற்செலவு ரெண்டும் கிரெடிட்ல வருது. இங்க மொத்தக் கூலி கிரெடிட்ல இருக்கு. அப்ப இவர் கணக்கே தலைகீழா?

பழம்பேரேடு | 13 நவம்பர், 1:30

தலைகீழ் இல்லை. புத்தகத்தில் டெபிட் பக்கம் வருவது எது என்று இன்னொரு முறை பாரும்மா. கைக்குக் கொடுத்தது 5,14,700, பிடித்தங்கள் 85,300. இரண்டும் சேர்ந்துதான் 6,00,000. கிரெடிட் பக்கம் நடப்புப் பணிக்கு 4,60,000, மேற்செலவுக்கு 1,40,000. இப்போது சிட்கோக்காரர் என்ட்ரியில் கம்பெனி பங்கை எடுத்துவிட்டுப் படி. அதே பக்கம், அதே எண்கள். புத்தகம் பணம் போன இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது, இவர் செலவிலிருந்து ஆரம்பிக்கிறார், அவ்வளவுதான்.

இன்டர் படிக்கிறேன் | 13 நவம்பர், 1:48

அட ஆமா. 😄

வத்தளை | 13 நவம்பர், 7:10 மாலை

எங்கட கார்மென்ட் தொழிற்சாலையிலயும் இதே கதை நடந்தது. இலங்கையில ஈபிஎஃப் தொழிலாளியிட்ட 8 வீதம், கம்பனி 12 வீதம். அதுக்கு மேல ஈடிஎஃப் 3 வீதம் முழுக்கக் கம்பனிதான், தொழிலாளியிட்ட ஒரு சதமும் கழிக்கிறதில்லை. ஒரு புதுப் பிள்ளை கழிவு என்ட்ரியில ஈடிஎஃப்பையும் சேர்த்துப் போட்டிட்டா. கட்டுப்பாட்டுக் கணக்கு அந்த 3 வீதத்துக்கு டெபிட்டில நின்றது. உங்களுக்குக் கிரெடிட், எங்களுக்கு டெபிட். எந்தப் பக்கம் நிக்குதெண்டு பாத்தாலே எந்தக் கால் விடுபட்டதெண்டு தெரியும்.

சிட்கோ கணக்கு | 14 நவம்பர், 11:25 இரவு

பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் சொன்ன மாதிரியே டெபிட்டில்தான் இருந்தன. ஐந்தொகையில் "முன்பணங்கள்" தலைப்புக்குள் போய் ஒளிந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மாதவாரியாக ஒரு தாள் போட்டு, அதை இணைத்து ஒரே ஜர்னலில் மாற்றினேன். ஏழு மாதத்துக்கு ஏழு என்ட்ரி போடணுமா என்று யோசித்தேன். எல்லாம் ஒரே நிதியாண்டு, லாபமும் மாறாது, ஒன்று போதும் என்று விட்டேன்.

ஆனால் போன வருஷத்திலிருந்து வந்த ஆரம்ப நிலுவையைத் தனியே வைத்துவிட்டு இந்த வருஷ என்ட்ரிகளை மட்டும் பார்த்தாலும் பூஜ்யம் வரவில்லை. கட்டுப்பாட்டுக் கணக்கில் இன்னும் 6,340 கிரெடிட். இஎஸ்ஐ-யில் 41 ரூபாய் டெபிட். பிஎஃப் மட்டும் சுத்தம்.

கோவை வார்ப்படம் | 15 நவம்பர், 7:50

41 ரூபாயைச் சில்லறை வித்தியாசத்துல தள்ளிட்டுப் போங்க. இன்னிக்கு 15, மொதல்ல சலானைக் கட்டினீங்களா அதைச் சொல்லுங்க.

சிட்கோ கணக்கு | 15 நவம்பர், 8:02

12-ஆம் தேதியே கட்டியாச்சு.

பழம்பேரேடு | 15 நவம்பர், 8:45

கோவைக்காரர் கேட்டது நல்ல கேள்வி. தொழிலாளியிடம் பிடித்த பங்கை 15-க்குள் கட்டவில்லை என்றால் வருமான வரியில் அது கம்பெனியின் வருமானமாகவே நின்றுவிடும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்குள் கட்டினாலும் கழிவு கிடையாது. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. கம்பெனி பங்குக்கு அந்தக் கெடுபிடி இல்லை, ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினால் போதும். அதனால்தான் பிஎஃப் செலுத்த வேண்டியதை இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்வேன்: தொழிலாளி பங்குக்கு ஒரு கணக்கு, கம்பெனி பங்குக்கு ஒரு கணக்கு. மார்ச் முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது தேதி தேடி அலைய வேண்டாம். இவர் கேஸில் பிரிந்திருந்தால், கம்பெனி பங்குக் கணக்கு முதல் மாதமே டெபிட்டில் நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

41 ரூபாய்: உங்கள் எக்செல்லில் இஎஸ்ஐ எப்படி ரவுண்டு ஆகிறது?

6,340: கூலிப் பட்டியலில் தேடாதீர்கள், பட்டியல் சரியாகத்தான் இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்டில் கிரெடிட் பக்கம் பாருங்கள்.

சிட்கோ கணக்கு | 16 நவம்பர், 10:10 இரவு

ரெண்டும் கிடைத்தது.

6,340 ஜூன் மாதம். ஒருவர் மே நடுவில் வேலையை விட்டுப் போனவர். அவர் மே கூலியை ஜூன் 7-ல் அனுப்பியிருக்கிறார்கள். பேங்க் அக்கவுன்ட்டை அவர் மூடிவிட்டார் போல, 10-ஆம் தேதி பணம் திரும்பி வந்திருக்கிறது. பேங்கை டெபிட் பண்ணி கட்டுப்பாட்டுக் கணக்கை கிரெடிட் பண்ணிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். அந்த ஆளுக்கு யாரும் போன் பண்ணவும் இல்லை. முதலாளி கேட்ட "யாருக்குப் பாக்கி" என்ற கேள்விக்கு நிஜமான பதில் அஞ்சு லட்சத்தில் இந்த ஒருத்தர்தான்.

இஎஸ்ஐ: எக்செல் 0.75 சதவீதத்தைப் பக்கத்து ரூபாய்க்கு ரவுண்டு செய்கிறது. போர்டல் ஒவ்வொருவருக்கும் மேல் ரூபாய்க்கு ஏற்றுகிறது. 19,240 கூலிக்கு 144.30 வருகிறது. எக்செல் 144 பிடிக்கிறது, சலானில் 145. ஆளுக்கு ஒரு ரூபாய், அதுவும் சில பேருக்கு மட்டும். அப்படியே சேர்ந்து சேர்ந்து 41.

பழம்பேரேடு | 17 நவம்பர், 6:15

6,340-ஐ இன்றே "பெறப்படாத கூலி" என்று தனிக் கணக்குக்கு மாற்றி, நரேஷனில் டோக்கன் நம்பர், மாதம், திரும்பி வந்த தேதி மூன்றையும் எழுதுங்கள். நிலுவை நிற்கலாம், அது நிஜக் கடன். ஆனால் கட்டுப்பாட்டுக் கணக்கில் நிற்கக் கூடாது. அங்கே நின்றால் அடுத்த மாதத் தவறு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த ஆளையும் தேடிப் பிடியுங்கள்.

இஎஸ்ஐ-க்கு ஃபார்முலாவை மாற்றுங்கள். F5-ல் கூலி இருந்தால்:

```
=ROUNDUP(ROUND(F5*0.75%,4),0)
```

உள்ளே ஒரு ROUND வேண்டுமா என்று கேட்பீர்கள். தசமப் பெருக்கலில் 150 என்பது சில சமயம் 150-க்கு ஒரு மயிரிழை மேலே வந்து நிற்கும். வெறும் ROUNDUP அதை 151 ஆக்கிவிடும்.

பழைய 41 கம்பெனி செலவு. போன மாதம் குறைவாகப் பிடித்ததை இப்போது தொழிலாளியிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கட்டுப்பாட்டுக் கணக்கிலிருந்து நேராக பேங்குக்குப் போகாதீர்கள். அக்டோபர் 31-ல் கூலிப் பட்டியலைப் போடும்போதே 5,14,700-ஐ "கொடுபட வேண்டிய கூலி" கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 7-ஆம் தேதி பேங்க் அதைத் தீர்க்கட்டும். அப்போது கட்டுப்பாட்டுக் கணக்கு பட்டியல் போட்ட அன்றே பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லை என்றால் பட்டியலிலோ என்ட்ரியிலோ தவறு. பட்டியல் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். மார்ச் 31-க்கும் தனியாக மண்டையை உடைக்க வேண்டாம்.

இன்டர் படிக்கிறேன் | 17 நவம்பர், 9:30

அப்ப பூஜ்யம் வந்தா எல்லாம் சரின்னு எடுத்துக்கலாமா சார்?

பழம்பேரேடு | 17 நவம்பர், 4:40

கூடாது. கேன்டீன் 9,000-ஐ அட்வான்ஸில் போட்டாலும் பூஜ்யம்தான் வரும். மொத்தக் கூலியே தப்பாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

அதற்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது. பிஎஃப் கூலி 4,20,000. தொழிலாளி 12, கம்பெனி 12, நிர்வாகமும் இன்ஷூரன்ஸும் அரை அரை. மொத்தம் 25 சதவீதம், அதாவது கால் பங்கு: 1,05,000. இஎஸ்ஐ கூலி 5,20,000. 0.75-ம் 3.25-ம் சேர்ந்து 4 சதவீதம்: 20,800. சலான் இதற்குப் பக்கத்தில் இல்லை என்றால் யாரோ விட்டுப்போயிருக்கிறார் அல்லது யாரோ கூடுதலாக வந்திருக்கிறார். பேனா எடுக்காமலே பார்த்துவிடலாம்.

இரண்டு கூலியும் ஏன் வேறு என்றும் தெரிந்திருக்க வேண்டும். பிஎஃப்-க்கு ஓவர்டைம் சேராது, இஎஸ்ஐ-க்குச் சேரும். 21,000-க்கு மேல் கூலி உள்ளவர் இஎஸ்ஐ-யில் இல்லை. இவரிடம் அப்படிச் சிலர் இருப்பதால்தான் 6,00,000 இல்லாமல் 5,20,000. பிஎஃப்-ஐ 15,000-க்கு மேலும் முழுக் கூலிக்குக் கட்டும் கம்பெனியில் கால் பங்குக் கணக்கு கொஞ்சம் குறையும், இன்ஷூரன்ஸ் 15,000-உடன் நின்றுவிடும்.

சிட்கோ கணக்கு | 18 நவம்பர், 9:55 இரவு

கால் பங்குக் கணக்கை ஏழு மாதத்துக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஆகஸ்டில் மட்டும் சலான் குறைவு. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு யுஏஎன் வரத் தாமதமாகி, அவரை செப்டம்பர் சலானில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இது கணக்கில் எங்கேயும் தெரிந்திருக்காது.

அடுத்த கேள்வி. கம்பெனி பங்கு 71,500 முழுக்க ஒரே செலவுக் கணக்கில் கிடக்கிறது. நேரடித் தொழிலாளிகளுக்கானது அதில் 55,000. அதை நேரடிக் கூலியோடு சேர்க்கணுமா, மேற்செலவிலேயே விடலாமா?

கோவை வார்ப்படம் | 19 நவம்பர், 7:30

மேற்செலவுதான். எந்த வார்ப்புக்கு எந்த ஆளோட பிஎஃப்னு யாருங்க பிரிப்பாங்க?

பழம்பேரேடு | 19 நவம்பர், 9:10

ஆள் வாரியாகப் பிரிக்க வேண்டாம், மணிக்கூலியில் ஏற்றினால் போதும். காஸ்ட் அக்கவுன்டிங் ஸ்டாண்டர்டு 7-ம் கம்பெனி பங்கைத் தொழிலாளர் செலவின் பகுதியாகத்தான் பார்க்கிறது.

சிட்கோக்காரர் எண்களையே எடுப்போம். நேரடி ஆட்கள் 23 பேர், ஆளுக்கு 200 மணி என்று வைத்தால் 4,600 மணி. மணிக்கூலி 100 ரூபாய். 55,000-ஐயும் சேர்த்தால் 112-க்குக் கொஞ்சம் குறைவு. மேற்செலவில் விட்டு, மெஷின் மணி வைத்துப் பங்கிட்டால் அந்த 12 ரூபாய் சிஎன்சி வேலைகளின் மேல் போய் விழும். பெஞ்சில் கையால் ஃபிட்டிங் செய்யும் வேலைக்கு ஒன்றும் ஏறாது. 40 மணி ஃபிட்டிங் இருக்கும் ஒரு ஆர்டரில் கிட்டத்தட்ட 480 ரூபாய் குறைவாகக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு, இந்த வேலையில் ஏன் மிச்சம் வருவதில்லை என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

கோவை வார்ப்படம் | 19 நவம்பர், 12:20

எங்க கஸ்டமர் கிலோ ரேட்டுல பேசறாரு. மணிக்கூலி 100-ஆ 112-ஆன்னு அவருக்கு என்னங்க? மேற்செலவை நாங்க கூலி மேல சதவீதமாத்தான் ஏத்தறோம். எங்க வெச்சாலும் அதே ஆளுக மேலதான விழுகுது.

பழம்பேரேடு | 19 நவம்பர், 5:00

கூலியின் மேல் சதவீதமாக ஏற்றினால் உங்களுக்கு வித்தியாசம் சொற்பம், ஒப்புக்கொள்கிறேன். மெஷின் மணியில் ஏற்றுகிறவருக்கு அப்படி இல்லை.

வத்தளை | 19 நவம்பர், 8:35

நாங்க லைனுக்கு லைன் நிமிடச் செலவு எடுக்கிறபடியால் ஈபிஎஃப், ஈடிஎஃப் ரெண்டையும் உள்ளுக்க போட்டே எடுக்கிறம். ஆனா போனஸ் எங்க போடுறதெண்டு இன்னும் சண்டைதான்.

சிட்கோ கணக்கு | 21 நவம்பர், 10:30 இரவு

முதலாளியிடம் மணிக்கு 112 என்று காட்டினேன். "அப்ப போன வருஷம் குடுத்த ரேட்டெல்லாம்?" என்றார். பெஞ்ச் வேலை அதிகமுள்ள பழைய ஆர்டர்களை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்காரணும்.

வேலையை விட்டுப் போனவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு யூனிட்டில் இருக்கிறார். புது அக்கவுன்ட் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், 6,340 போய்விட்டது.

போன வருஷக் கணக்கிலும் இதே 71,500 கதை நிற்கிறது. ஐந்தொகை கையெழுத்தாகிவிட்டது. இந்த வருஷ ஆரம்ப நிலுவையில் ஒரு மாற்று என்ட்ரி போட்டால் போதுமா, முந்தைய வருஷ எண்ணையும் திருத்திக் காட்ட வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேட்டிருக்கிறேன்.